பத்து வினாடித் தொடர் ஓட்டம்: மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளும் மற்றவர்களும் ஒரே அணியில் ஓட

பள்ளி விளையாட்டு விழாவில் மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கென்று வழக்கமாக இரண்டில் ஒன்று நடக்கும். கடைசியில் தனியாக ஒரு போட்டி வைத்து எல்லோருக்கும் பரிசு கொடுப்பார்கள். இல்லையென்றால் பொதுப் போட்டியிலேயே சேர்த்துக்கொண்டு, "இவனைப் பாதி தூரத்திலிருந்து விடுங்கள்" என்று குத்துமதிப்பாகச் சலுகை கொடுப்பார்கள். முதல் வழியில் அந்தப் பிள்ளை வகுப்பு நண்பர்களோடு ஓடுவதே இல்லை. இரண்டாவதில் ஓடுகிறான், ஆனால் சலுகை அதிகமாகிவிட்டால் இருபது வினாடி முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறான். குறைந்துவிட்டால் எல்லோரும் முடித்த பிறகு தனியாக வருகிறான். கைதட்டல் இரண்டுக்கும் கிடைக்கும். போட்டி நடக்கவில்லை என்பது அந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

ஒரு போட்டி சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க நான் ஒரு கேள்வியைத்தான் வைத்துக்கொள்வேன்: இந்தப் பிள்ளை இன்னும் கொஞ்சம் முயன்றால் அணியின் முடிவு மாறுமா? மாறாது என்றால் அவன் அங்கே அலங்காரத்துக்கு நிற்கிறான். இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் போட்டியாகத் தொடர் ஓட்டத்தை மாற்றிவிடலாம். முக்கியமாகத் தேவைப்படும் கருவிகள் டேப், விசில், கொடி, ஸ்டாப்வாட்ச், கூம்புகள், மணல்பைகள். உழைப்பு முழுவதும் விழாவுக்கு முந்தைய வாரத்தில்தான்.

வழக்கமான தொடர் ஓட்டத்தில் எல்லோருக்கும் ஒரே தூரம், நேரம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறுபடும். இதைத் திருப்பிப் போட வேண்டும். எல்லோருக்கும் ஒரே நேரம், பத்து வினாடி. அந்தப் பத்து வினாடியில் யார் எவ்வளவு தூரம் போவார்களோ அதுவே அவர்களுடைய பங்கு. வேகமாக ஓடும் பிள்ளைக்கு 46 மீட்டர், வாக்கர் பிடித்து நடக்கும் பிள்ளைக்கு 9 மீட்டர். ஐந்து பேர் அணி என்றால் எந்த அணிக்கும் ஏறக்குறைய ஐம்பது வினாடியும், கை மாற்றுவதற்கு மூன்று நான்கு வினாடியும் ஆகும். தன் அளவைவிட அரை வினாடி முந்துகிறவர்கள் எந்த அணியில் அதிகமோ அந்த அணி ஜெயிக்கும். அந்த அரை வினாடியை 9 மீட்டர் நடக்கும் பிள்ளையாலும் கொண்டுவர முடியும்.

அளவெடுப்பதில் கவனக்குறைவாக இருந்தால் மற்றதெல்லாம் வீண். நேரான 60 மீட்டர் பாதையை எடுத்து, ஓரமாக இரண்டு மீட்டருக்கு ஒரு கூம்பு வையுங்கள். ஒரு தடவைக்கு நான்கு பேர். ஒரு விசிலில் கிளம்ப வேண்டும், சரியாகப் பத்தாவது வினாடியில் இன்னொரு விசில். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒருவர் பக்கவாட்டில் நின்று, இரண்டாவது விசிலின்போது அந்தப் பிள்ளை இருந்த இடத்தில் ஒரு மணல்பையைப் போட வேண்டும். பிள்ளையை நிற்கச் சொல்லக் கூடாது. நிற்க வேண்டும் என்று தெரிந்தாலே எட்டாவது வினாடியில் வேகம் குறைந்துவிடும். 60 மீட்டர் கோடு வரை ஓடச் சொல்லுங்கள், அளவை நீங்கள் வழியில் எடுத்துக்கொள்ளுங்கள். காது கேளாத பிள்ளை இருந்தால் விசிலோடு கொடியும் இறங்க வேண்டும்.

தெரிந்த தூரத்தை ஓடவிட்டு நேரத்தைக் குறித்து, பிறகு வகுத்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். அது சரியாக வராது. நின்ற நிலையிலிருந்து கிளம்பி வேகம் பிடிக்கவே முதல் சில வினாடிகள் போய்விடும். அதனால் தூரமும் நேரமும் ஒரே விகிதத்தில் போவதில்லை. போட்டியில் ஓடப்போவது பத்து வினாடி என்றால் அளவும் பத்து வினாடிக்கே எடுக்க வேண்டும். போட்டியில் பிள்ளைகள் நின்ற நிலையில்தான் கை வாங்கிக் கிளம்பப் போகிறார்கள். எனவே அளவிலும் நின்ற நிலையிலிருந்தே கிளம்பட்டும்.

ஆளுக்கு மூன்று முறை, இரண்டு நாட்களில். மூன்றில் நடு அளவை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி வேண்டாம், ஒரு தடவை தடுக்கி விழுந்தால்கூடச் சராசரி கெட்டுவிடும். இருபது பிள்ளைகள் என்றால் மொத்தம் பதினைந்து ஓட்டம்தான், இரண்டு பி.டி. வகுப்பு போதும். விழாவுக்கு ஒரு வாரத்துக்கு மேல் முந்தைய அளவு வேண்டாம்.

அளவின் நுணுக்கம் எல்லோருக்கும் ஒன்றல்ல. 46 மீட்டர் ஓடுகிறவனுக்கு ஒரு மீட்டர் பிசகினால் கால் வினாடிகூட இல்லை. 9 மீட்டர் நடப்பவனுக்கு அதே ஒரு மீட்டர் ஒரு வினாடியைத் தாண்டும். ஓடுகிறவர்களுக்கு மீட்டர் கணக்கில் எழுதலாம். வாக்கர், ஊன்றுகோல் உள்ளவர்களுக்கும், சக்கர நாற்காலியில் மெதுவாகப் போகிறவர்களுக்கும் டேப் பிடித்து 25 சென்டிமீட்டர் வரை துல்லியமாக எழுதுங்கள். குத்துமதிப்புச் சலுகை எப்போதும் தோற்பது இந்த இடத்தில்தான். யாருக்கு மிகத் துல்லியம் தேவையோ அவர்களுக்குத்தான் நாம் "ஏறத்தாழ" என்று அளந்துவிடுகிறோம்.

போட்டியில் எந்தத் தரையோ அதே தரையில், அதே காலணியோடு, அதே நாற்காலியோடு அளவு எடுக்க வேண்டும். சக்கர நாற்காலியின் முன் சக்கரங்கள் சிறியவை, புல்லிலும் மணலிலும் புதையும். சிமென்டுத் தரையில் எடுத்த அளவைப் புல்தரையில் வைத்தால் அந்தப் பிள்ளை பாதித் தூரத்தில் திணறுவான், அணியே அவனால் தோற்றதுபோல் தெரியும். வாக்கரின் சிறு சக்கரங்களுக்கும் இது பொருந்தும்.

வேண்டுமென்றே மெதுவாக ஓடி அளவைக் குறைத்துக்கொள்ளும் பிள்ளைகளும் இருப்பார்கள், கணக்கு புரிந்துவிட்டால் இது இயல்பு. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் போட்டிகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. திறனுக்கேற்ப வீரர்களைப் பிரிக்கும் முதற்கட்டச் சுற்றில் முழு முயற்சியோடு ஆடவேண்டும் என்று அங்கே விதியே இருக்கிறது. அதைவிடக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இறுதிச் சுற்றில் முன்னேறினால் தகுதிநீக்கம்வரை போகலாம். பள்ளியில் அவ்வளவு கடுமை தேவையில்லை. அளவெடுத்து முடிக்கும் வரை அணிகளை அறிவிக்காதீர்கள். மூன்றாவது ஓட்டத்தில், முதல் இரண்டில் ஏறக்குறைய ஒரே தூரம் வந்தவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடுங்கள். பக்கத்தில் ஒருவன் முந்தும்போது மெதுவாக ஓட மனம் வராது.

இனி இருபது பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பை எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அதில் பெருமூளை வாதத்தால் வாக்கரோடு நடக்கும் பிள்ளை ஒருவன், கையால் தள்ளும் சக்கர நாற்காலியில் ஒருத்தி, பார்வையற்ற ஒருவன், காது கேளாத ஒருத்தி, அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவன். ஐந்து பேர் கொண்ட நான்கு அணிகள். மாற்றுத்திறன் உள்ளவர்களை ஒரே அணியில் குவிக்காமல் பிரித்துப் போட வேண்டும். அளவுகள் இப்படி வந்தன என்று வைத்துக்கொள்வோம்:

சிவப்பு அணி: 46, 43, 40, 36, வாக்கரோடு 9. மொத்தம் 174 மீட்டர்.
நீல அணி: 47, 42, 41, 35, சக்கர நாற்காலியில் 20. மொத்தம் 185.
பச்சை அணி: 44, 42, 38, 36, பார்வையற்ற பிள்ளை வழிகாட்டியோடு 34. மொத்தம் 194.
மஞ்சள் அணி: 48, காது கேளாத பிள்ளை 43, 41, 35, அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளை 30. மொத்தம் 197.

முடிவுக்கோடு எல்லோருக்கும் ஒன்று. அங்கிருந்து ஒவ்வொரு அணியின் பாதை வழியாகவே பின்னோக்கி டேப்பைக் கொண்டுபோய், கடைசி ஆளின் தூரத்தில் ஒரு குறி, அதற்கு முந்தியவரின் தூரத்தில் இன்னொரு குறி என்று வைத்துக்கொண்டே போனால் தொடக்கக்கோடு தானாகக் கிடைத்துவிடும். வெளிப்பாதை நீளம் அதிகம் என்பதற்காகத் தனியாகக் கணக்குப் போடவே வேண்டாம். நான்கு அணிக்கும் தொடக்கம் நான்கு இடத்தில் இருக்கும்.

பாதையின் அகலத்தில் கஞ்சத்தனம் கூடாது. வழக்கமான 1.22 மீட்டர் பாதையில் வழிகாட்டியும் பார்வையற்ற பிள்ளையும் சேர்ந்து ஓட முடியாது, நாற்காலியை ஒருவர் தாண்டவும் முடியாது. இரண்டு பாதைகளைச் சேர்த்து ஓர் அணிக்குக் கொடுங்கள். பாதை போட நீறு, சுண்ணாம்பு வேண்டாம், விழுந்து எழும் பிள்ளையின் கண்ணில் பட்டால் எரித்துவிடும். சாக்பீஸ் பொடி போதும்.

யார் எந்த வரிசையில் ஓடுவது என்பது, மைதானத்தின் எந்தத் துண்டு யாருக்கு என்பதைத் தீர்மானிக்கும் வேலை. 200 மீட்டர் டிராக்கில் நேர்ப்பகுதி 45 மீட்டர், வளைவு 55 மீட்டர், முடிவுக்கோடு ஒரு நேர்ப்பகுதியின் கடைசியில் என்று கொள்வோம். வளைவில் நாற்காலியைத் தள்ளுகிறவளின் ஒரு கை இன்னொன்றைவிட அதிகம் உழைக்க வேண்டும். வாக்கரைத் திருப்புவதும் கடினம். இருவருக்கும் நேர்ப்பகுதி வேண்டும். நீல அணியில் வரிசையை 47, 20, 42, 41, 35 என்று வைத்தால், கடைசி மூவரின் தூரம் 118. அதாவது நாற்காலியின் 20 மீட்டர், முடிவுக்கோட்டிலிருந்து 118க்கும் 138க்கும் இடையில் விழுகிறது. உள்பாதையில் எதிர்ப்பக்க நேர்ப்பகுதி 100 முதல் 145 வரை, ஆகவே சரியாக அமர்ந்துவிட்டது. சிவப்பு அணியில் 46, 9, 43, 40, 36 என்று வைத்தால் வாக்கரின் 9 மீட்டர் 119 முதல் 128 வரை வரும். அதுவும் அதே நேர்ப்பகுதிதான்.

வெளியே போகப் போக வளைவு நீளும், நேர்ப்பகுதியும் அதற்கேற்பத் தள்ளிப்போகும். இரண்டரை மீட்டர் அகலப் பாதை என்றால் ஒவ்வொரு பாதைக்கும் சுமார் 8 மீட்டர். நான்காவது பாதையில் அந்த நேர்ப்பகுதி ஏறத்தாழ 124இல்தான் தொடங்கும், வாக்கரும் நாற்காலியும் வளைவில் மாட்டிக்கொள்ளும். அதனால் நான்காவது பாதையை மஞ்சள் அணிக்குக் கொடுங்கள். பச்சை அணியில் பார்வையற்ற பிள்ளையின் 34 மீட்டரைக் கடைசியாக வைத்தால் அது முடிவுக்கோட்டுக்கு முந்திய நேர்ப்பகுதிக்குள் முழுவதும் அடங்கும், எந்தப் பாதையானாலும். ஆனால் கடைசி ஆள்மேல்தான் மைதானமே கண்ணாக இருக்கும். அது ஒரு பிள்ளைக்கு உற்சாகம், இன்னொரு பிள்ளைக்குப் பயம். அவனிடம் கேட்டுவிட்டு வையுங்கள். வேண்டாம் என்றால் வளைவிலும் ஓடலாம், வழிகாட்டியோடு கூடுதலாக நாலைந்து முறை பழக வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

கை மாற்றுவதற்குப் பேட்டன் வேண்டாம். வாக்கர் பிடித்தவனுக்கும் நாற்காலி தள்ளுகிறவளுக்கும் இரண்டு கையும் வேலையில் இருக்கிறது. டோக்கியோ பாராலிம்பிக்ஸில், 2021இல், முதன்முறையாக நடந்த 4×100 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் பார்வைக் குறைபாடு உள்ளவர், கை கால் குறைபாடு உள்ளவர், பெருமூளை வாதம் உள்ளவர், சக்கர நாற்காலி வீரர் என்ற வரிசையில் இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் ஒரே அணியாக ஓடினார்கள். அங்கும் பேட்டன் இல்லை, தொட்டால் போதும்.

பள்ளியில் ஆபத்து வருவது இந்தத் தொடும் இடத்தில்தான். முழு வேகத்தில் வரும் பிள்ளை, நின்றுகொண்டிருக்கும் வாக்கர்மேல் மோதிவிடலாம். இதற்கு ஒரே ஒரு விதி போதும்: வாங்குகிறவர் பாதையின் இடது பாதியில் நிற்பார், வருகிறவர் வலது பாதியில் வருவார், போகிற போக்கில் தோளையோ முதுகையோ தொட்டுவிட்டு நேராகவே ஓடி மெதுவாக நிற்பார். தொட்டவுடன் நிற்கக் கூடாது, குறுக்கே திரும்பவும் கூடாது. வலது பாதியில் குறிக்கு அப்பால் எட்டு மீட்டர் காலியாக இருக்க வேண்டும். நாற்காலியைத் தொடுவது கணக்கில்லை, ஆளைத்தான் தொட வேண்டும். நாற்காலியைப் பிடித்து இழுத்தால் பின்பக்கமாகச் சாய்ந்துவிடும். திடீரென்று தொட்டால் பதறும் பிள்ளை இருந்தால், அவன் கண்ணெதிரே ஒரு வளையம் வைத்து, வருகிறவர் மணல்பையை அதில் போட்டதும் கிளம்பச் சொல்லுங்கள். அளவெடுக்கும் நாளிலேயே இந்தக் கை மாற்றத்தையும் பழக்கிவிடலாம்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது நல்ல நண்பனா என்று மட்டும் பார்த்தால் போதாது. அவனுடைய பத்து வினாடித் தூரம், பார்வையற்ற பிள்ளையின் தூரத்தைவிட எட்டு மீட்டராவது அதிகமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வழிகாட்டியின் மூச்சுத்திணறல்தான் அந்தப் பிள்ளையின் வேகத்தைத் தீர்மானிக்கும். இருவர் கையிலும் மாட்டும் இரண்டு கண்ணிகள் உள்ள கயிறு, நீளாத துணியில், 30 சென்டிமீட்டருக்கு மிகாமல். உலகப் பாரா தடகளத்திலும் இந்த அளவுதான். வழிகாட்டி பக்கத்தில் ஓடலாம், முன்னால் போய் இழுக்கக் கூடாது, முடிவுக்கோட்டைப் பிள்ளைக்குப் பின்னால்தான் தாண்ட வேண்டும். கயிறு முன்பக்கமாக விறைத்துக்கொண்டே இருந்தால் இழுக்கிறான் என்று அர்த்தம். அளவெடுக்கும்போது யார் வழிகாட்டியோ அவனே விழாவிலும் ஓட வேண்டும். அந்தச் சமயத்தில் ஒலிபெருக்கியை நிறுத்திவிடுங்கள். பாட்டும் அறிவிப்பும் ஓடினால் வழிகாட்டியின் குரல் கேட்காது.

தொடக்கத்துக்குக் கைத்துப்பாக்கி, பட்டாசு ஒலி எதுவும் வேண்டாம். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் திடீர் சத்தத்தில் உடல் முழுவதும் விறைத்துக்கொள்ளும், விழுந்துவிடவும் கூடும். ஒரே ஆள் விசில் ஊதும் அதே நொடியில், உயர்த்திப் பிடித்த கொடியைச் சடாரென்று இறக்க வேண்டும். நான்கு தொடக்கக்கோடுகளும் வளைவில் ஆங்காங்கே இருப்பதால், அவர் மைதானத்தின் உட்புறத்தில் நான்கு பேரும் தலையைத் திருப்பாமல் பார்க்கும்படி நிற்க வேண்டும்.

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளையிடம் குழப்பம் வருவது வேகத்தில் இல்லை, எப்போது கிளம்புவது என்பதில். பக்கத்துப் பாதையில் கை மாறியதைப் பார்த்து அவனும் கிளம்பிவிடுவான். அல்லது அடுத்தவனுக்கு இரண்டு மீட்டர் முன்பே நின்று சிரிப்பான். அணி முழுவதும் ஒரே நிறப் பனியன் போட வேண்டும், அடுத்து ஓடுகிறவன் கையை நீட்டி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். சொல்லவேண்டிய வாக்கியம் ஒன்றே: "மஞ்சள் பனியனைத் தொடு." அதே இடத்தில், அதே ஆட்களோடு நாலு தடவை செய்து பார்த்தால் பிடித்துக்கொள்வான்.

எல்லாப் பிள்ளைக்கும் ஓட்டம் பொருந்தாது. மின் சக்கர நாற்காலியின் வேகம் மோட்டாரைப் பொறுத்தது, முயற்சியைப் பொறுத்தது அல்ல. அப்படி ஒருத்தி இருந்தால், அவளுடைய பங்கில் கூம்புகளை வளைந்து வளைந்து வைத்து, பத்து வினாடியில் எத்தனையைத் தொடாமல் தாண்டுகிறாள் என்று அளந்து, அத்தனையையே போட்டியில் வையுங்கள். கை கால் அசைவு மிகக் குறைவாக உள்ள பிள்ளைக்கு நாற்காலியைத் தள்ளிவிட்டு "ஓடினான்" என்று சொல்லாதீர்கள், அது தள்ளியவரின் ஓட்டம். இலக்குப் பந்துக்குப் பக்கத்தில் விழும்படி பந்தை எறியும் ஆட்டம் போச்சியா. 1984 முதல் பாராலிம்பிக்ஸில் இருக்கும் அந்த ஆட்டத்தில், பந்தை எறிய முடியாதவர்கள் சரிவுத்தடம் ஒன்றில் பந்தை உருட்டிவிடுகிறார்கள். உதவியாளர் அந்தத் தடத்தை வீரர் சொன்னபடி நகர்த்துவார். ஆனால் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. அதே முறையில் ஒரு தடம், மூன்று மீட்டர் தள்ளி ஓர் இலக்கு. பந்து பட்டவுடன் அடுத்தவர் கிளம்பலாம். சராசரியாகப் பத்து வினாடியில் படும்படி இலக்கின் அகலத்தை முன்கூட்டியே சோதித்து வையுங்கள். இதில் அதிர்ஷ்டத்தின் பங்கு ஓட்டத்தைவிட அதிகம், அதனால் இருபது வினாடிக்குள் படாவிட்டால் அடுத்தவர் கிளம்பலாம் என்று ஓர் எல்லையும் தேவை.

போட்டியன்று அணிக்கு ஒருவர் ஸ்டாப்வாட்சோடு நின்று ஒவ்வொரு கை மாற்றத்திலும் நேரத்தைக் குறிக்க வேண்டும். நான்கு அணிகளும் ஒன்றுக்கொன்று மூன்று வினாடி வித்தியாசத்துக்குள் முடித்தால் அளவு நன்றாக எடுக்கப்பட்டிருக்கிறது. ஓர் அணி ஆறு வினாடி பின்தங்கினால் தாளைப் பாருங்கள். சிவப்பு அணியின் நேரங்கள் 9.8, 13.6, 10.1, 10.4, 10.2 என்று இருந்தால் பிசகு இரண்டாவது ஆளிடம். 9 மீட்டருக்கு 13.6 வினாடி. அளவு வராந்தாவிலோ, புல் வெட்டிய மறுநாளோ எடுக்கப்பட்டிருக்கலாம். களைப்பாகவும் இருக்கலாம், பெருமூளை வாதத்தில் காலையும் மாலையும் ஒன்றாக இருப்பதில்லை. இறுதிச் சுற்று இன்னொன்று இருந்தால் 9 × 10 ÷ 13.6, ஏறத்தாழ ஆறரை மீட்டர் என்று அவன் குறியை மாற்றுங்கள். இங்கே வகுத்தால் போதும், நடையில் வேகம் பிடிக்கும் நேரம் மிகக் குறைவு. அதே அளவுக்குச் சிவப்பு அணியின் முதல் இரண்டு குறிகளும் முன்னால் வரும். மாறாக யாராவது 46 மீட்டரை 8 வினாடியில் முடித்திருந்தால் அளவெடுப்பில் அடக்கி ஓடியிருக்கிறான். அடுத்த சுற்றில் அவன் தூரம் கூடும்.

ஒரு பிள்ளை அன்று வரவில்லை என்றால் வேறு பிள்ளையை அவனுடைய குறியில் நிறுத்தாதீர்கள். வருகிறவனின் தூரம் அளவுத்தாளில் இருக்கும். டேப்பை எடுத்து அந்தக் குறியையும் அதற்கு முந்தியவற்றையும் நகர்த்த ஐந்து நிமிடம் ஆகும். அதற்காகவே, அணியில் இல்லாத இரண்டு மூன்று பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே அளவெடுத்து வைத்திருங்கள்.